வளைகுடாச் சம்பளம்: வீட்டுக்கு ஒரு கணக்கு, சேமிப்புக்கு ஒரு கணக்கு

வளைகுடாவில் வேலை செய்பவர் முழுப் பணத்தையும் வீட்டுக் கணக்குக்கே அனுப்பினால், சேமிப்பும் செலவோடு கரைந்துவிடும். அதனால் சேமிப்பைத் தம் பெயரிலுள்ள என்.ஆர்.இ. கணக்குக்குத் தனியாக அனுப்ப வேண்டும். வெளிநாட்டில் வசிக்கும்வரை அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை.

ஒருவர் மாதம் 30,000 ரூபாய் அனுப்புகிறார் என்று கொள்வோம். வீட்டுக்கு 15,000, பயணக் கடனுக்கு 10,000, சேமிப்புக்கு 5,000. வட்டியோடு 1,20,000 ரூபாய்க் கடன் ஓராண்டில் தீரும். பிறகு அந்த 10,000 ரூபாயையும் சேமிப்பில் சேர்த்தால், மூன்றாம் ஆண்டு முடிவில் வட்டி நீங்கலாக 4,20,000 ரூபாய் இருக்கும். கடன் தீர்ந்ததும் வீட்டுச் செலவு கூடினால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

நிரந்தரமாகத் திரும்பியதும் வங்கியில் தெரிவித்து, என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும்.