ஓய்வின் முதல் ஐந்து ஆண்டுகள்: சந்தை எப்போது விழுகிறது என்பதே கணக்கு

2007ஆம் ஆண்டின் கடைசி வர்த்தக நாளில் சென்செக்ஸ் 20,287 புள்ளிகளில் முடிந்தது. ஓராண்டு கழித்து அது 9,647. பாதிக்கும் மேல் கரைந்துபோனது. பிறகு ஏறியும் இறங்கியும் 2017 முடிவில் 34,057ஐ எட்டியது. இந்தப் பத்து ஆண்டுகளும் பங்குகளில் ஒரு கோடி ரூபாயைப் போட்டுவிட்டுத் தொடாமல் இருந்தவரிடம், டிவிடெண்டைக் கணக்கில் சேர்க்காமலே, சுமார் 1 கோடியே 68 லட்சம் இருந்திருக்கும். பொறுத்திருந்தால் சந்தை மீண்டுவிடும் என்ற அறிவுரை அவருக்குப் பலித்தது.

அதே ஒரு கோடியை வைத்துக்கொண்டு 2008 ஜனவரியில் ஓய்வு பெற்று, அதிலிருந்தே குடும்பச் செலவுக்குப் பணம் எடுத்தவருக்கு அது பலித்ததா? ஓய்வுக்காலத் திட்டம் போடும் ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவைத்திருக்க வேண்டும். பி.எஃப்., கிராஜுவிட்டி என்று மொத்தமாக வாங்கி மியூச்சுவல் ஃபண்டில் போட்டு மாதாமாதம் எடுக்க நினைக்கும் தனியார் துறை ஊழியர்களுக்கு இது மிகவும் முக்கியம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தப் பத்து ஆண்டுகளின் சென்செக்ஸ் ஏற்ற இறக்கத்தை முழு எண்ணாக எழுதினால் வரிசை இப்படி வரும்: 2008இல் 52 சதவீத இறக்கம், பிறகு 81 ஏற்றம், 17 ஏற்றம், 25 இறக்கம், 26 ஏற்றம், 9 ஏற்றம், 30 ஏற்றம், 5 இறக்கம், 2 ஏற்றம், 2017இல் 28 ஏற்றம். முதலாமவர் இந்த வரிசையிலேயே பத்து ஆண்டுகளைக் கடக்கிறார். இரண்டாமவருக்கு அதே எண்களைத் தலைகீழாகத் தருவோம்: 28 சதவீத ஏற்றத்தில் தொடங்கி, 52 சதவீத இறக்கத்தில் முடியட்டும். இருவரிடமும் ஒரு கோடி, முழுவதும் பங்குகளில். இருவரும் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 6 லட்சம் எடுக்கிறார்கள். வரியும் கட்டணமும் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

பணத்தைத் தொடாமல் விட்டால் இருவருக்கும் கடைசியில் ஒரே தொகைதான் மிஞ்சும். எந்த வரிசையில் பெருக்கினாலும் விடை மாறாது. எடுக்கத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. பத்து ஆண்டுகளில் இருவரும் தலா 60 லட்சம் எடுத்த பிறகு முதலாமவரிடம் மிஞ்சுவது ஏறக்குறைய 59 லட்சத்து 50 ஆயிரம். இரண்டாமவரிடம் 1 கோடியே 4 லட்சம், அதுவும் கடைசி ஆண்டில் சந்தை பாதிக்கும் மேல் விழுந்த பிறகு! சராசரி வருமானம் ஒன்றுதான், எடுத்த தொகையும் ஒன்றுதான். நல்ல ஆண்டு முன்னால் வந்ததா, கெட்ட ஆண்டு முன்னால் வந்ததா என்பது மட்டுமே வேறு. நிதித் துறையில் இதை வருமான வரிசை அபாயம் என்கிறார்கள்.

உண்மையில் யாருடைய செலவும் பத்து ஆண்டுகளுக்கு 6 லட்சத்திலேயே நிற்காது. விலைவாசிக்கு ஈடாக ஆண்டுக்கு 6 சதவீதம் கூட்டி எடுத்தால், முதலாமவரிடம் பத்தாம் ஆண்டு முடிவில் சுமார் 30 லட்சமே இருக்கும். அப்போது அவருடைய ஆண்டுச் செலவு 10 லட்சத்து 74 ஆயிரம். அறுபது வயதில் ஓய்வு பெற்றவர் எழுபதாவது வயதில், மூன்று ஆண்டுச் செலவுக்கும் குறைவான பணத்தோடு நிற்கிறார்.

இது எப்படி நேர்கிறது என்பதை யூனிட் எண்ணிக்கையில் பார்த்தால் தெளிவாகிவிடும். தொடக்கத்தில் ஒரு யூனிட்டின் விலை 100 ரூபாய் என்றால், ஒரு கோடிக்கு ஒரு லட்சம் யூனிட். முதல் ஆண்டில் 6 லட்சம் எடுக்க 6,000 யூனிட் விற்றால் போதும். சந்தை விழுந்து விலை 48 ரூபாயானதும், அதே 6 லட்சத்துக்கு 12,500 யூனிட் விற்க வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டு சந்தை 81 சதவீதம் ஏறியது உண்மைதான். ஆனால் விற்றுவிட்ட யூனிட்டுகள் ஏறுவதில்லை. மாதாமாதம் எஸ்.ஐ.பி. போட்டவர்களுக்கு இது பழகிய கணக்கின் மறுபக்கம். வாங்கும் காலத்தில் விலை குறைந்தால் அதிக யூனிட் கிடைத்தது, எஸ்.டபிள்யூ.பி. மூலம் எடுக்கும் காலத்தில் விலை குறைந்தால் அதிக யூனிட் போய்விடுகிறது. முப்பது ஆண்டுகள் நமக்குச் சாதகமாக இருந்த அதே ஏற்ற இறக்கம், ஓய்வு பெற்ற மாதத்திலிருந்து பாதகமாகத் திரும்புகிறது.

முதல் சில ஆண்டுகளுக்கு ஏன் இவ்வளவு வலு? அப்போதுதான் நம்மிடம் இருக்கும் தொகை மிகப் பெரியது. அது தாங்க வேண்டிய காலமும் மிக நீண்டது. எண்பத்தைந்து வயதில் சந்தை விழுந்தால், மீதமிருக்கும் சில ஆண்டுச் செலவுக்குத்தான் பாதிப்பு. அறுபத்தொன்றில் விழுந்தால், இன்னும் இருபத்தைந்து முப்பது ஆண்டுகளுக்கான யூனிட்டுகள் மலிவு விலைக்குப் போகின்றன.

எந்த ஆண்டு விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. விழுந்தாலும் தாங்கும்படி ஏற்பாடு செய்துகொள்ள முடியும். அதற்கு மூன்று வழிகள் முக்கியமானவை.

முதல் வழி, எடுக்கும் விகிதத்தைக் குறைப்பது. அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் அந்த நாட்டின் 1926 முதலான சந்தை வரலாற்றை ஆராய்ந்து, முதல் ஆண்டில் மொத்தத் தொகையில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொண்டே போனாலும் மிக மோசமான காலங்களில்கூடப் பணம் முப்பது ஆண்டுகள் தாங்கியது என்று காட்டினார். பாதியிலிருந்து முக்கால் பங்குவரை பங்குகளிலும் மீதி கடன் பத்திரங்களிலும் இருந்தால் வரும் கணக்கு அது. அமெரிக்க விலைவாசியையும் அமெரிக்கச் சந்தையையும் வைத்துப் போட்டது என்பதால், நம் ஊருக்கு அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் 6 சதவீதமும் அதற்கு மேலும் எடுக்கலாம் என்று சொல்லும் விளம்பரங்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

விகிதத்தைக் குறைப்பது என்றால் வயிற்றைக் கட்டுவது என்று பொருளல்ல. செலவின் ஒரு பகுதியைச் சந்தையோடு சம்பந்தமில்லாத வருமானத்துக்கு மாற்றிவிடலாம். 60 வயது நிறைந்தவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரல் முதல் ஒருவர் 30 லட்சம்வரை போடலாம். அப்போது அறிவிக்கப்பட்ட 8.2 சதவீத வட்டியில் 30 லட்சத்துக்கு ஆண்டுக்கு 2 லட்சத்து 46 ஆயிரம் கிடைக்கும்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500. போட்ட நாளின் வட்டி ஐந்து ஆண்டுக்கு மாறாது. நம் உதாரணத்தில், மீதி 70 லட்சத்திலிருந்து எடுக்க வேண்டியது 3 லட்சத்து 54 ஆயிரம்தான். அதாவது 5 சதவீதத்தை ஒட்டி. குறை என்னவென்றால், விலைவாசி ஏறினாலும் இந்த வட்டி ஏறாது.

இரண்டாவது வழி, பணத்தைப் பிரித்து வைத்து, ஆண்டுதோறும் விகிதத்தைச் சரிசெய்வது. முதலாமவரே 70 லட்சத்தைப் பங்குகளிலும் 30 லட்சத்தை 7 சதவீத வட்டி தரும் டெபாசிட்டிலும் வைத்திருந்தால்? சந்தை விழுந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு டெபாசிட்டிலிருந்தும், ஏறிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டு பங்கிலிருந்தும் எடுப்பது என்று வைத்துக்கொள்வோம்; முதல் ஆண்டு மட்டும் டெபாசிட்டிலிருந்து. விலைவாசியைச் சேர்க்காத அதே 6 லட்சக் கணக்கில் பத்தாம் ஆண்டு முடிவில் 81 லட்சத்து 50 ஆயிரம் மிஞ்சுகிறது. 59 லட்சத்து 50 ஆயிரத்தோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய முன்னேற்றம்.

ஆனால் இன்னும் எளிய முறை ஒன்று இதைவிட நன்றாக வேலை செய்தது. ஆண்டுதோறும் செலவுக்கு எடுத்த பிறகு, மீதியை மறுபடி 70க்கு 30 என்று பிரித்துவிடுவது. அப்படிச் செய்திருந்தால் 95 லட்சம் மிஞ்சியிருக்கும். காரணம், 2009 ஜனவரியில் நடந்திருக்கும் ஒரே ஒரு காரியம். அப்போது டெபாசிட்டில் 30 லட்சம், பங்கில் 31 லட்சத்து 60 ஆயிரம். செலவுக்கு டெபாசிட்டிலிருந்து 6 லட்சம் எடுத்ததும், விகிதத்தைச் சரிசெய்ய இன்னும் ஏழரை லட்சத்தை அங்கிருந்து பங்குக்கு மாற்ற வேண்டும். எல்லோரும் விற்றுக்கொண்டிருந்த நேரத்தில் இவர் மலிவாக வாங்குகிறார். ஓய்வு பெற்று ஓராண்டான மனிதருக்கு, சேமிப்பில் முப்பத்தெட்டு லட்சம் காணாமல் போயிருக்கும்போது, இது மிகக் கடினமான செயல். அதனால்தான் விதியை முன்கூட்டியே தாளில் எழுதி, வாழ்க்கைத்துணையிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். இந்தப் பத்து ஆண்டுகளில் சென்செக்ஸ் ஆண்டுக்குச் சராசரியாக 5 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வளர்ந்தது. அதனால் 7 சதவீத டெபாசிட் கூடுதலாக மின்னுகிறது. பங்குகள் நன்றாக ஏறும் பத்தாண்டில், டெபாசிட்டில் வைத்த பகுதிக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும். அது காப்பீட்டுக்குக் கட்டும் பிரீமியம் மாதிரி. மற்றொன்று, இப்படி மாற்றிக்கொள்ள வேண்டிய பணத்தை எளிதில் எடுக்கக்கூடிய டெபாசிட்டிலோ குறுகிய காலக் கடன் ஃபண்டிலோ வைக்க வேண்டும். மூத்த குடிமக்கள் திட்டத்தை முன்கூட்டியே முடித்தால் பிடித்தம் உண்டு.

மூன்றாவது வழி, அபாயம் நெருங்குவதை அளந்து பார்த்து, உடனே கொஞ்சம் இறுக்கிக்கொள்வது. ஆண்டுக்கு ஒருமுறை, இந்த ஆண்டு எடுக்கப்போகும் தொகையை இன்றைய மொத்தத் தொகையால் வகுத்து, சதவீதமாக எழுதுங்கள். முழுவதும் பங்கில் வைத்த முதலாமவருக்கு 2008 தொடக்கத்தில் அது 6. ஓராண்டு கழித்து கையிலிருந்தது 45 லட்சம். விகிதம் 13ஐத் தாண்டிவிட்டது. சந்தை மீளுமா என்று யோசிப்பதற்கு முன்பே இந்த எண் ஆபத்தைச் சொல்லிவிடுகிறது. ஜொனாதன் கைட்டன், வில்லியம் கிளிங்கர் என்ற இரு அமெரிக்கர்கள் 2006இல் இதற்கு ஒரு விதி வகுத்தார்கள்: தொடக்க விகிதத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டால், எடுக்கும் தொகையைப் பத்து சதவீதம் குறைக்க வேண்டும். 5 சதவீதத்தில் தொடங்கியவர் 6ஐத் தாண்டியதும் மாதம் 40,000 எடுத்த இடத்தில் 36,000 எடுக்கிறார். விலை விழுந்திருக்கும்போது விற்காமல் காத்த ஒவ்வொரு யூனிட்டும் பிறகு ஏற்றத்தில் பங்கெடுக்கிறது. மருந்து, மளிகை, வாடகை போன்ற கட்டாயச் செலவில் இதைச் செய்ய முடியாது. சுற்றுலா, வீட்டுக்குப் பெயிண்ட், புது வண்டி ஆகியவற்றைத் தள்ளிப்போடலாம். எனவே இரண்டையும் முன்பே பிரித்துவைத்து, கட்டாயச் செலவைக் கூடியவரை வட்டி, பென்ஷன் வருமானத்தில் அடக்கப் பாருங்கள்.

இந்த ஏற்பாடுகளை ஓய்வு பெறும் நாளுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட வேண்டும். முழுத் தொகையும் பங்கில் இருக்க, கடைசி மாதத்தில் சந்தை விழுந்தால், அதற்குப் பிறகு டெபாசிட்டுக்கு மாற்றுவதும் மலிவு விலைக்கு விற்பதுதான். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே, சந்தை ஏறியிருக்கும் மாதங்களில் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டு வந்தால், ஓய்வின் முதல் நாளில் ஐந்து ஆண்டுச் செலவு சந்தைக்கு வெளியே தயாராக இருக்கும்.