பெருமூச்சுக்கு எத்தனை புள்ளி?

போர் முடிந்த சில மாதங்களில், 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை, யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,517 வீடுகளைத் தெரிந்தெடுத்து ஓர் உளநல ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியாயின. 32.6 வீதமானோருக்குப் பதகளிப்புக்கான குறிகளும், 22.2 வீதமானோருக்கு மனச்சோர்வுக்கான குறிகளும், 7 வீதமானோருக்கு நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடுவின் குறிகளும் இருந்ததாக அது சொன்னது.

இந்த வீதங்கள் அளவுகோல்களிலிருந்து வந்தவை. பதகளிப்பையும் மனச்சோர்வையும் அளக்க ஹொப்கின்ஸ் நோய்க்குறிப் பட்டியல் பயன்பட்டது. அமெரிக்காவில் உருவான இந்தப் பட்டியலில் 25 கூற்றுகள் உண்டு: பதகளிப்புக்கு 10, மனச்சோர்வுக்கு 15. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை புள்ளி. அதைத் தமிழாக்கிக் கேட்டார்கள். மொழிபெயர்ப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், பட்டியலில் இல்லாத ஒன்றை அது கேட்காது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் மனம் நொந்து வைத்தியரிடம் போனால் "மனச்சோர்வு" என்று சொல்வது அரிது. "யோசினை கூட", "நெஞ்சு பதகளிக்குது", "தலையிடி", "பெருமூச்சு வருது" என்பார். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், உள்ளத்தின் துயரை நம் மக்கள் உடலின் மொழியில் சொல்வதையும், அதில் பெருமூச்சுக்கு உள்ள இடத்தையும் தம் எழுத்துகளில் பதிவு செய்திருக்கிறார்.

அப்படியானால் மக்கள் சொல்லும் சொற்களிலிருந்தே ஓர் அளவுகோலைச் செய்ய முடியாதா? முடியும். நுவன் ஜயவிக்ரமவும் அவருடைய கூட்டாளிகளும் வடக்கிலும் கிழக்கிலும் போரால் பாதிக்கப்பட்டவர்களின் சொற்களைக் கொண்டு வினாக்கொத்துகளை உருவாக்கினார்கள். ஒருவரின் அன்றாட வாழ்க்கை எவ்வளவு முடங்கியிருக்கிறது என்பதை, மொழிபெயர்த்த மேலைநாட்டு அளவுகோல்கள் காட்டியதற்கு மேலாகவும் இந்த உள்ளூர்ச் சொற்கள் காட்டின என்று அவர்கள் 2012இல் வெளியிட்டார்கள்.

ஆனால் மக்களிடமிருந்து வாரி எடுத்த கூற்றுகள் எல்லாவற்றையும் அளவுகோலில் வைத்திருக்க முடியாது. எதை வைப்பது, எதை விடுவது? இந்தக் கட்டத்தில்தான் தேடற் காரணிப் பகுப்பாய்வு என்ற கணக்குமுறை கைக்கு வருகிறது. 1904இல் ஆங்கிலேய உளவியலாளர் சார்ல்ஸ் ஸ்பியர்மன் இதற்கு வித்திட்டார். மாணவர்கள் வெவ்வேறு பாடங்களில் பெற்ற புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்குவதைப் பார்த்த அவர், அவற்றின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத பொதுக் காரணி ஒன்று இருக்க வேண்டும் என்றார். நோய்க்குறிகளுக்கும் அதே வாதம் பொருந்தும்.

பன்னிரண்டு கூற்றுகள்

இதை விளங்கிக்கொள்ள ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை; எந்த ஆய்விலிருந்தும் எடுத்தவை அல்ல. பருத்தித்துறை முதல் தீவகம் வரை 300 பேரிடம் பன்னிரண்டு கூற்றுகளைக் கேட்கிறோம்: யோசினை கூட வருது; நெஞ்சு பதகளிக்குது; பெருமூச்சு வருது; தலையிடிக்குது; உடம்பு உளையுது; கை கால் விறைக்குது; படுத்தால் நித்திரை வராது; இரவில் இடையிடையே முழிப்பு வருது; ஆக்களோடு கதைக்க மனமில்லை; ஒன்றிலும் விருப்பமில்லை; கோயிலுக்குப் போக மனமில்லை; உயிரோடு இருந்து என்ன பலன் என்று தோன்றுது. "ஒருபோதும் இல்லை" முதல் "எப்போதும்" வரை நான்கு விடைகள்.

பன்னிரண்டு கூற்றுகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 66 சோடிகள் வரும். ஒவ்வொரு சோடியும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பதை இணைபுக் குணகம் சொல்லும். இந்த 66 எண்களையும் சில காரணிகளால் மட்டும் விளக்கிவிட முடியுமா என்று பார்ப்பதுதான் பகுப்பாய்வு. ஒரு கூற்று ஒரு காரணியோடு எவ்வளவு இறுகப் பிணைந்திருக்கிறது என்பதைக் காட்டும் எண்ணுக்குக் காரணிச் சுமை என்று பெயர்.

முதலில் எத்தனை காரணிகள் என்று முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு காரணிக்கும் ஐகன் மதிப்பு என்றொரு எண் கிடைக்கும். அந்தக் காரணி எத்தனை கூற்றுகளின் பெறுமதி உடையது என்று அதை வாசிக்கலாம். நம் தரவில் அவை 4.6, 1.5, 1.1, பிறகு ஒன்றுக்குக் கீழ். ஒன்றுக்கு மேற்பட்டவற்றை எல்லாம் ஏற்றுக்கொள் என்பது பல மென்பொருள்கள் கேட்காமலே பின்பற்றும் பழைய விதி. அதன்படி மூன்று காரணிகள். ஆனால் எந்த உறவும் இல்லாத வெறும் எழுந்தமான எண்களைப் பகுத்தாலும் முதல் சில மதிப்புகள் ஒன்றைத் தாண்டும். ஆகவே 1965இல் ஜோன் ஹோர்ன் ஒரு வழி சொன்னார்: அதே அளவு ஆட்கள், அதே அளவு கூற்றுகள் கொண்ட எழுந்தமானத் தரவைக் கணினியில் பல முறை உண்டாக்கு, அதில் வரும் மதிப்பைத் தாண்டுவதை மட்டும் நம்பு. நம் அளவுக்கு எழுந்தமான மதிப்புகள் ஏறத்தாழ 1.3, 1.2, 1.2 என்று வரும். 4.6ம் 1.5ம் தாண்டுகின்றன, 1.1 தாண்டவில்லை. இரண்டு காரணிகளே மிஞ்சுகின்றன.

அடுத்தது சுழற்சி. காரணிகளின் அச்சுகளைத் திருப்பி, ஒவ்வொரு கூற்றும் இயன்றவரை ஒரு காரணியோடு மட்டும் சேரும்படி வைப்பார்கள். மனம் நொந்தவருக்கு உடம்பும் நோகும் என்பதால், இரண்டு காரணிகளும் தமக்குள் தொடர்பு கொள்ள இடம் கொடுக்கும் சாய்வுச் சுழற்சியே இங்கு பொருத்தம். திருப்பிய பின் தலையிடி, உளைவு, விறைப்பு ஒரு பக்கமும், யோசினை, விருப்பமின்மை, கதைக்க மனமின்மை மறு பக்கமும் சேர்கின்றன. உடம்பு ஒன்று, மனம் ஒன்று. மீதிக் கூற்றுகள் சிலவற்றில்தான் சிக்கல்.

கோயில், நித்திரை, பெருமூச்சு, உயிர்

"கோயிலுக்குப் போக மனமில்லை" என்பதன் சுமை 0.22. அதை அதே எண்ணால் பெருக்கினால் ஏறத்தாழ 0.05. விடைகள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே மனத்துயரால் வந்தது. விடை சொன்னவர்களிடமே போய் ஏன் என்று விசாரித்தால் காரணம் விளங்கும். இழவு வீட்டார் துடக்கு என்பதால் போகவில்லை. கிறிஸ்தவர்கள் கோயில் என்றதை வேறாக எடுத்தார்கள். சிலர் முன்பும் போனவர்கள் அல்லர். கூற்று அளந்தது துயரை அல்ல, வழக்கத்தை. இதைத் தயங்காமல் நீக்கலாம்.

நித்திரைக் கூற்றுகள் இரண்டும் வேறு வகை. மனக் காரணியில் இரண்டின் சுமையும் 0.6. அந்தக் காரணி மட்டுமே அவற்றைப் பிணைக்கிறது என்றால் அவற்றின் இணைபு 0.6 x 0.6 = 0.36 ஆக இருக்க வேண்டும். தரவிலோ 0.70. மீந்த 0.34, இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு வடிவங்கள் என்பதால் வந்தது. பழைய விதி காட்டிய மூன்றாவது காரணியும் இந்தச் சோடிதான். இரண்டையும் வைத்திருந்தால் நித்திரைக்கு இரட்டைப் புள்ளி விழும். ஒன்றை எடுத்துவிட வேண்டும். மக்கள் எளிதாக விளங்கிக்கொள்வதை வைத்துக்கொள்ள வேண்டும்.

பெருமூச்சுதான் கடினம். உடம்புக் காரணியில் அதன் சுமை 0.42, மனக் காரணியில் 0.45. இரண்டு பக்கமும் ஏறும் கூற்றை நீக்கு என்று பாடநூல்கள் சொல்லும். அளவுகோலின் வடிவம் துப்புரவாகும் என்பது உண்மை. ஆனால் இந்தச் சொல்லுக்காகத்தானே புதிய அளவுகோல் செய்யத் தொடங்கினோம்? பெருமூச்சு உடம்பாகவும் மனமாகவும் இருப்பது கேள்வியின் பிழை அல்ல. அந்தத் துயரின் இயல்பே அது. இரண்டு உபபுள்ளிகளிலும் சேர்க்காமல், மொத்தப் புள்ளியில் மட்டும் அதை வைத்திருப்பதே சரி என்பது என் முடிவு.

கடைசிக் கூற்றின் சுமையும் குறைவு. பத்தில் ஒன்பது பேர் "ஒருபோதும் இல்லை" என்று சொல்லும்போது விடைகளில் வேறுபாடு மிகக் குறைவாகவே மிஞ்சும். வேறுபாடு குறைந்த இடத்தில் சாதாரண இணைபுக் குணகம் சுருங்கிவிடும். நான்கு படி விடைகளுக்கென உள்ள பொலிகோரிக் குணகம் இந்தச் சுருக்கத்தை ஓரளவு சரிசெய்யும். அதன் பிறகும் சுமை குறைவாக இருந்தாலும், "உயிரோடு இருந்து என்ன பலன்" என்று ஒருவர் சொல்வதை வினாக்கொத்திலிருந்து எடுத்துவிட எவருக்கும் உரிமை இல்லை. கூட்டுத்தொகையில் சேர்க்காமல், தனி அபாயக் குறியாக வைத்து, "ஒருபோதும் இல்லை" தவிர்ந்த விடை சொன்னவரை அன்றே ஒரு வைத்தியரிடம் சேர்க்க வேண்டும்.

ஒன்றன்பின் ஒன்றாக

நீக்கும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. ஒரு கூற்றை எடுத்தால் மற்றவற்றின் சுமைகள் மாறும். நித்திரைச் சோடியில் ஒன்று போனதும் மற்றதன் சுமை மாறலாம். ஆகவே ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு முறையும் பகுப்பாய்வை மீண்டும் ஓட்ட வேண்டும். ஒரே மூச்சில் ஐந்தாறை வெட்டினால் தப்பிப் பிழைத்திருக்க வேண்டியவையும் போய்விடும்.

இன்னொரு கண்ணி, குரோன்பாக் அல்பா என்ற உள்ளிசைவு எண். ஒரு கூற்றை நீக்கினால் அல்பா எவ்வளவு உயரும் என்று மென்பொருள் வரிசையாகக் காட்டும். அதைப் பார்த்துப் பார்த்து நீக்கினால் மிஞ்சுவது ஒன்றையொன்று ஒத்த கேள்விகள். எண் உயரும், அளவுகோல் குறுகும். அதோடு, அந்த 300 பேரின் தற்செயல்களுக்கும் சேர்த்தே அளவெடுத்துச் சட்டை தைத்தது போலாகிவிடும். அதே 300 பேரிடம் அது பொருந்தியே தீரும். புதிதாக இன்னொரு கூட்டத்திடம் கேட்டு, அங்கும் அதே இரண்டு காரணிகள் நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே அதை அளவுகோல் என்று சொல்லலாம்.

இந்தக் கணக்குக்கு உட்படாத கேள்விகளும் உண்டு. "வீடு இடிந்துவிட்டது", "கணவர் காணாமற்போனார்", "தொழில் இல்லை" என்பவை துயரின் குறிகள் அல்ல, காரணங்கள். வீடு இழந்தவர் கணவரையும் இழந்திருக்க வேண்டும் என்பதில்லை. எனவே இவற்றின் இணைபு குறைவாகவே இருக்கும். சுமை குறைவு என்று காணாமற்போன கணவரைப் பட்டியலிலிருந்து நீக்கினால் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் நடந்ததையே நீக்குகிறோம். ஜயவிக்ரமவின் குழு 2017இல், போரில் தப்பியவர்களின் பிரச்சினைகளை மறைந்திருக்கும் காரணியின் வெளிப்பாடுகளாகக் கொள்ளாமல், ஒன்றையொன்று தூண்டும் வலைப்பின்னலாகப் பகுத்துப் பார்த்ததும் இந்த இடத்தில் கவனிக்கத்தக்கது.

யாழ்ப்பாணத்துக்கென அளவுகோல் செய்யும் மாணவர்களிடமும் ஆய்வாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வைத்துக்கொண்ட கூற்றுகளை அச்சிடும்போது, நீக்கிய கூற்றுகளையும், ஒவ்வொன்றின் சுமையையும், நீக்கிய காரணத்தையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். அந்தச் சொற்களை உங்களுக்குத் தந்தவர்கள் தங்கள் துயரைச் சொன்னவர்கள். அவர்கள் சொன்னதில் எது விடுபட்டது என்பதை அடுத்து வருபவர் பார்க்க வேண்டும்.