எந்தத் துணி மெஷினுக்கு, எந்தத் துணி கடைக்கு?

சட்டையைத் துவைத்து இஸ்திரி போட 40 ரூபாய். அதே சட்டைக்கு ட்ரை கிளீனிங் என்றால் 100 ரூபாய். பட்டுப்புடவைக்கு 300, கோட் சூட்டுக்கு 400. சென்னையில் ஓரளவு பெரிய லாண்டரிக் கடைகளின் விலைப் பட்டியல் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கிறது. ஏரியாவுக்கு ஏரியா கொஞ்சம் கூடும், குறையும். வீட்டில் மெஷின் இருக்கும்போது இந்தப் பணத்தைக் கொடுப்பது சரியா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. துணிக்குத் துணி பதில் மாறும். அதைத் தெரிந்துகொள்ள, முதலில் வீட்டில் துவைக்க உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

நான்கு பேர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 28,000 ரூபாய்க்கு வாங்கிய 7 கிலோ ஃப்ரண்ட் லோடு மெஷின். வாரத்துக்கு நான்கு முறை ஓடுகிறது, அதாவது வருடத்துக்குச் சுமார் 200 முறை. பத்து வருடம் உழைத்தால் 2,000 முறை. மெஷின் விலையை இதில் பங்கிட்டால் ஒரு முறைக்கு 14 ரூபாய். பத்து வருடத்தில் ரிப்பேருக்கு 12,000 ரூபாய் என்று வைத்தால் இன்னொரு 6 ரூபாய். லிக்விட் சோப்புக்கு 13 ரூபாய். மிதமான வெந்நீரில் துவைத்தால் முக்கால் யூனிட் மின்சாரம். யூனிட் 8 ரூபாய் என்றால் 6 ரூபாய். 60 லிட்டர் தண்ணீரை லாரித் தண்ணீர் விலையில் போட்டாலும் 9 ரூபாய். எல்லாம் சேர்ந்து ஒரு முறைக்கு 48 ரூபாய்.

7 கிலோ மெஷின் என்றாலும் துணி நன்றாகப் புரண்டு அழுக்குப் போக வேண்டுமானால் 5 கிலோ அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. சட்டை, பேன்ட், சுடிதார், பள்ளிச் சீருடை எல்லாம் கலந்து போட்டால் 16 உருப்படி வரும். ஆக, உருப்படிக்கு 3 ரூபாய்.

ஆனால் இந்த 3 ரூபாயைக் கடையின் 40 ரூபாயோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. கடைக்காரர் இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுக்கிறார். தெருமுனை இஸ்திரி வண்டியில் ஒரு சட்டைக்கு 10 ரூபாய் கொடுத்தால் நம் செலவு 13 ரூபாய் ஆகிறது. அத்தோடும் முடியவில்லை. துணியைப் பிரித்துப் போடுவதும், கொடியில் உலர்த்துவதும், எடுத்து மடிப்பதும் யாரோ ஒருவரின் வேலை. பெரும்பாலான வீடுகளில் அது அம்மாவின் அல்லது மனைவியின் வேலையாக இருப்பதால் கணக்கிலேயே வருவதில்லை. ஒரு முறைக்கு அரை மணி நேரம், அதற்கு 50 ரூபாய் என்று மதிப்புப் போட்டால் உருப்படிக்கு மேலும் 3 ரூபாய். ஆக மொத்தம் 16 ரூபாய். அந்த உழைப்புக்கு உரிய விலையைச் சேர்த்த பிறகும், கடையில் ஆவதில் பாதிகூட வரவில்லை.

வாரக் கணக்கு இன்னும் தெளிவாக இருக்கும். இந்தக் குடும்பத்தில் வாரத்துக்கு 64 உருப்படி. அதில் 30 இஸ்திரிக்குப் போகிறது. வீட்டில் துவைக்க 192 ரூபாய், இஸ்திரிக்கு 300 ரூபாய், மொத்தம் 492. அத்தனையையும் கடைக்கே அனுப்பினால் இஸ்திரித் துணிக்கு 1,200 ரூபாய், மீதியை கிலோ 80 ரூபாய்க்கு எடைபோட்டுக் கொடுத்தாலும் பத்து கிலோவுக்கு 800 ரூபாய், மொத்தம் 2,000. மாதத்துக்கு 6,000 ரூபாய் வித்தியாசம். ஐந்தே மாதத்தில் மெஷின் வாங்கிய காசு திரும்பிவிடும். தினமும் உடுத்தும் துணிக்கு இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

அடுத்தது ட்ரை கிளீனிங். இதில்தான் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. விலை அதிகம் என்பதால் அதிகச் சுத்தம் கிடைக்கும் என்று நினைக்கிறோம். ட்ரை கிளீனிங் மெஷினில் தண்ணீருக்குப் பதிலாக பெர்க்ளோரோஎத்திலீன் அல்லது பெட்ரோலிய வகைக் கரைப்பான் ஓடுகிறது. நம் ஊரில் பெட்ரோல் வாஷ் என்ற பெயர் வந்தது அதனால்தான். இந்தத் திரவம் எண்ணெயையும் நெய்யையும் நன்றாகக் கரைக்கும். வியர்வை உப்பையும் சர்க்கரைக் கறையையும் அது கரைக்காது. அவற்றுக்குத் தண்ணீர்தான் வேண்டும். கடையில் அந்த இடத்தைப் பார்த்துத் தனியாகக் கறை எடுத்தால்தான் போகும். ஆகவே ஆபீஸுக்குப் போட்டு வியர்த்த பருத்திச் சட்டையை ட்ரை கிளீனிங்குக்குக் கொடுத்தால், 100 ரூபாய் செலவழித்தும் கழுத்துப்பட்டியிலும் அக்குளிலும் உப்பு தங்கிவிடும். நாளடைவில் அங்கே மஞ்சள் படியும். 3 ரூபாய் மெஷின் துவைப்பு இந்தச் சட்டையை அதைவிடச் சுத்தமாக்கும்.

அப்படியானால் அந்த முறை எதற்கு? தண்ணீர் பட்டால் கெடும் துணிக்கு. பட்டும் கம்பளியும் தண்ணீரில் ஊறினால் இழை உப்பும், சாயம் கசியும். உடல் ஒரு நிறம், பார்டர் ஒரு நிறம் என்றிருக்கும் காஞ்சிப் பட்டை மெஷினில் போட்டால், எவ்வளவு மென்மையான ப்ரோகிராம் வைத்தாலும் பார்டரின் சிவப்பு உடலில் ஏறக்கூடும். சரிகையும் முறுக்கிக்கொள்ளும். கோட்டின் மார்புப் பகுதியில், மேல்துணிக்கு அடியில் பசையால் ஒட்டிய ஒரு விறைப்பான துணி இருக்கும். தண்ணீரில் ஊறிச் சுழன்றால் அது விட்டுப் போய், மேலே கொப்புளம் கொப்புளமாகத் தெரியும். அதை எந்த இஸ்திரியாலும் சரிசெய்ய முடியாது. 10,000 ரூபாய்ப் புடவைக்கும் கோட்டுக்கும் 300, 400 கொடுப்பது வீண்செலவு ஆகாது.

ஆனால் எத்தனை முறை கொடுக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. முகூர்த்தத்துக்கு மூன்று மணி நேரம் கட்டிய புடவையை நிழலில் காற்றாட விட்டு மடித்து வைத்தால் போதும். மூன்று நான்கு முறை கட்டிய பிறகு கொடுக்கலாம். கறை பட்டால் மட்டும் காத்திருக்காமல், அது நெய்யா காபியா என்பதைக் கடையில் சொல்லிக் கொடுக்க வேண்டும். கனத்த கம்பளிப் போர்வையையும் கடைக்கு அனுப்பலாம். அது தண்ணீர் குடித்தால் 7 கிலோ மெஷினால் சுற்ற முடியாது. டிரம் ஆட்டம் கண்டு பேரிங் போனால் செலவு ஆயிரக்கணக்கில் வரும்.

கடைக்குக் கொடுக்கும்முன் துணியின் உள்பக்க லேபிளைப் பாருங்கள். வட்டத்துக்குள் P அல்லது F இருந்தால் ட்ரை கிளீனிங் செய்யலாம். வட்டத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் கூடாது. தொட்டிப் படம் இருந்தால் தண்ணீரிலேயே துவைக்கலாம். வீட்டில் பட்டு என்று சொல்லிக்கொள்ளும் பல புடவைகள் பாலியஸ்டர்தான். லேபிள் இடம் கொடுத்தால் வலைப்பையில் போட்டு மெஷினில் துவைத்து 300 ரூபாயை மிச்சம் பிடிக்கலாம்.

கடையில் சுடிதார் செட்டை ஒன்றாகக் கணக்கிடுகிறார்களா, டாப், பேன்ட், துப்பட்டா என மூன்றாகவா என்று கேளுங்கள். ஜிஎஸ்டி தனியா என்றும் கேளுங்கள். 300 என்று நினைத்தது பில்லில் ஏறிப்போவது இந்த இரண்டு இடங்களில்தான். துணி திரும்பி வந்ததும் முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாடை தூக்கலாக அடித்தால் சரியாக உலர்த்தவில்லை என்று பொருள். திருப்பிக் கொடுத்து மறுபடி செய்யச் சொல்லலாம். கோட் சுருங்கியோ பார்டர் சாயம் பரவியோ வந்தால், ட்ரை கிளீனிங் காசு வாங்கிக்கொண்டு தண்ணீரில் முக்கினார்களோ என்று தாராளமாகச் சந்தேகப்படலாம்.

தினசரித் துணிக்கு மெஷின், பட்டுக்கும் கோட்டுக்கும் கனத்த போர்வைக்கும் கடை, பருத்திச் சட்டைக்கு ட்ரை கிளீனிங் வேண்டவே வேண்டாம். இந்த மூன்றையும் கடைப்பிடித்தால் துணியும் நீடிக்கும், காசும் நிற்கும்.