சளியை வெளிக்கொணரும் சுவாச முறை

திருக்கோவிலூரில், முன்பு காசநோய் கண்டு குணமடைந்த முதியவர் ஒருவருக்கு, மூச்சுக்குழல்கள் விரிந்தபடியே தங்கி, விடியற்காலைதோறும் கெட்டிச் சளி தேங்குகிறதென்று கொள்வோம். அவர் பலங்கொண்ட மட்டும் இருமுவதால் பயன் சொற்பமே. ஏனெனில், ஆவேசமான இருமலில் எழும் அழுத்தம் தளர்ந்த குழல்களை நெரித்துவிட, சளி அடியிலேயே சிக்கிக்கொள்ளும்.

ஆகவே, முதலில் தோள்களைத் தளர்த்தி அமர்ந்து, வயிறு மெல்ல எழுந்து தாழும்படி அமைதியாகச் சுவாசிக்க வேண்டும். பிறகு மூக்கின் வழியே ஆழ்ந்து இழுத்து, 3 விநாடி நிறுத்தி, பலவந்தமின்றி விடுவதை 3 அல்லது 4 முறை செய்தால், பக்கத்து நுண்ணறைகளிலிருந்து கசியும் காற்று சளிக்குப் பின்புறம் போய்ச் சேர்கிறது. இதுவே இம்முறையின் சூட்சுமம். மீண்டும் அமைதிச் சுவாசம். அதன்பின், கண்ணாடியில் ஆவி படியச் செய்வதுபோல் வாயையும் தொண்டையையும் திறந்துவைத்து, நடுத்தர மூச்சொன்றை ‘ஹா’ என்று நீளமாக ஊதினால் ஆழத்திலுள்ள சளி நகரும். அது மேலே வந்தபின், முழு மூச்சிழுத்துச் சுருக்கமாக ஊதி, இருமித் துப்பலாம்.

ஊதுகையில் ‘களகள’வென்ற ஓசை எழுந்தால் சளி நகர்கிறது; விசில் போன்ற சத்தம் எழுந்தால் வேகம் மிகுதி. அடுத்தடுத்து 2 சுற்றுகளில் ‘ஹா’ வறண்டே ஒலித்தால் அன்றைக்கு அது போதும். சளியில் இரத்தம் கண்டால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் செல்க.