சித்தப்பாவிடம் கேட்கும் 3 லட்சம்

மரச்செக்கு எண்ணெய்க் கடை தொடங்க ஓர் இளைஞர் சித்தப்பாவிடம் 3,00,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்: 'தொழிலில் பணம் போடுங்கள், வசதிப்படும்போது தந்துவிடுகிறேன்.' தகராறு இந்த ஒரு வரியிலேயே தொடங்கிவிடுகிறது. கடை நன்றாக ஓடினால் சித்தப்பா தன்னைப் பங்காளியாக நினைப்பார். நொடித்தால், கொடுத்த கடனைக் கேட்பார். இளைஞரோ லாபம் வந்தால் கடன் என்றும், நட்டம் வந்தால் பங்கு என்றும் கணக்கிடுவார்.

அதனால் கடிதத்தின் முதல் வேலை இதைத் தீர்ப்பதுதான். 'அன்புள்ள சித்தப்பாவுக்கு, நான் கேட்பது கடன். லாபத்தில் பங்கு தர இயலாது. நட்டம் வந்தாலும் உங்கள் பணம் என் பொறுப்பு' என்று எழுதிவிட்டால் இருவருக்கும் தெளிவு.

அடுத்தது, திருப்பித் தரும் கணக்கு. செக்கு வாங்கிப் பொருத்தி, வாடிக்கை பிடிக்கச் சில மாதங்கள் ஆகும். முதல் மாதத்திலிருந்தே அசலைத் தருவதாகச் சொல்வது வாக்குத் தவறுவதில்தான் முடியும். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் 3,000 ரூபாய். முதல் ஆறு மாதம் வட்டி மட்டும். ஏழாம் மாதத்திலிருந்து முப்பது மாதங்களுக்கு அசலில் 10,000 ரூபாயும், மீதி நிற்கும் அசலுக்கு வட்டியும். ஆகவே ஏழாம் மாதம் 13,000, அதற்கடுத்த மாதம் 12,900 என்று குறைந்து, கடைசித் தவணை 10,100 ஆகும். மொத்த வட்டி 64,500 ரூபாய். இந்தத் தொகையையும் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி என்பதையும் கடிதத்திலேயே எழுத வேண்டும்.

பலரும் எழுதக் கூசும் பகுதி இனிதான் வருகிறது: வியாபாரம் படுத்தால் என்ன? எள், கடலை விலை ஏறினால் ஒரு மாதம் கையில் காசு நிற்காது. 'வருடத்தில் இரண்டு தவணை வரை தள்ளிப்போகலாம். பத்து நாள் முன்னதாகவே சொல்லிவிடுவேன். கடையை மூடினால் செக்கை விற்று முதலில் உங்களுக்குத் தருவேன்' என்று எழுதலாம். கெடு கடந்தபின் சித்தப்பா கேட்டு வாங்க வேண்டிய நிலைதான் உறவைக் கெடுக்கிறது. கல்யாண வீட்டில் பார்க்கும்போது அவரால் கேட்கவும் முடியாது, கேட்காமலிருக்கவும் முடியாது.

பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதையும் திருப்புவதையும் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது; மீறினால் அந்தத் தொகை அளவுக்கே அபராதம் வரலாம். வட்டி சித்தப்பாவுக்கு வருமானம், அதைக் கணக்கில் காட்ட வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

சித்தப்பாவின் பாதுகாப்புக்கு ஒன்று. தவணை தவறினால் வழக்குப் போட சட்டம் பொதுவாகத் தருவது மூன்று ஆண்டுகள். அந்தக் காலம் முடியுமுன் கடன்பட்டவர் 'இவ்வளவு பாக்கி' என்று எழுதிக் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் ஓடும். அவர் கேட்காமலே, ஆண்டுதோறும் மார்ச் 31 அன்று பாக்கியை எழுதிக் கையெழுத்திட்டுத் தருவதாகக் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கலாம்.