குறிப்புரை என்பது சுருக்கம் அன்று

பருவக் கட்டுரைக்கென ஆசிரியர் தரும் வாசிப்புப் பட்டியலைக் குறிப்புரையுடன் கூடிய நூற்பட்டியலாக மாற்றித் தருமாறு இப்போது பல கல்லூரிகளில் கேட்கிறார்கள். பெரும்பாலான மாணவர்கள் கட்டுரையின் முகப்பில் உள்ள சுருக்கத்தையே வேறு சொற்களில் எழுதிவிடுகிறார்கள். நூல் என்ன சொல்கிறது என்பதோடு, நம் கேள்விக்கு அது எந்த அளவுக்குச் சான்றாகும் என்பதையும் சொல்வதே குறிப்புரை.

திருக்கோவிலூர் வட்டாரத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். தென்பெண்ணைப் படுகையில் உள்ள இருவேல்பட்டு, இந்தியப் பொருளியலில் புகழ்பெற்ற சிற்றூர். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு 1916-இல் தொடங்கிய கிராம ஆய்வுகளில் இதுவும் ஒன்று. அதன்பின் 1936-37, 1961, 1981, 2008 ஆகிய ஆண்டுகளில் வெவ்வேறு ஆய்வாளர்கள் இங்கு வந்தனர்.

‘நூறாண்டில் நிலக்கிழாரின் பிடி தளர்ந்ததா?’ என்பது மாணவரின் கேள்வி என்று கொள்வோம். ஸ்லேட்டரின் 1918-ஆம் ஆண்டு நூலுக்கு, ‘தென்னிந்தியக் கிராமங்களை விரிவாக விவரிக்கும் சிறந்த நூல்’ என்று எழுதினால் அது வெறும் பாராட்டு. நூலைத் திறக்காமலே அதை எழுதிவிடலாம்.

நான் எதிர்பார்ப்பது இத்தகைய பதிவு: ‘நூல் வெளிவந்தது 1918, தரவு 1916-ஐச் சேர்ந்தது. மாணவர்கள் ஊரில் நேரில் திரட்டியவை. நிலம், கூலி, கடன் பற்றிய விவரங்களுக்கு இதுவே தொடக்கப் புள்ளி. ஆனால் படித்த மாணவரிடம் கூலியாள் எவ்வளவு மனம் திறந்து பேசியிருப்பார் என்பது ஐயத்திற்குரியது. ஒப்பீட்டின் அடித்தளமாக மட்டும் பயன்படுத்துவேன்.’ இதில் காலம், சான்று, வரம்பு, பயன் நான்கும் உள்ளன.

அடுத்த பதிவுகள் முந்தையவற்றோடு பேச வேண்டும். எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் 1981 நிலையை ஆராய்ந்து 1983-இல் எழுதினர். ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் 2008 வரையான மாற்றத்தை 2010-இல் எழுதினர். பிந்தைய கட்டுரை, நிலக்கிழாரைச் சார்ந்திருந்த நிலை தளர்ந்ததைக் காட்டுகிறது. இதற்கான குறிப்புரையில், ‘பழைய ஆண்டுகளுடனான ஒப்பீடு முந்தைய ஆய்வாளர்களின் வகைப்பாட்டைச் சார்ந்தது, ஓர் ஊரின் முடிவை மாவட்டத்திற்கே விரிக்க இயலாது’ என்ற வரி இடம்பெற வேண்டும்.

தேடலில் ஓர் இடர் உண்டு. ஸ்லேட்டர் நூலில் ஊர்ப்பெயர் ‘எருவெல்லிபெட்’ என்று அச்சாகியுள்ளது. இன்றைய பெயரை மட்டும் கொண்டு தேடுபவருக்கு அது கிட்டாது. நூலில் உள்ள எழுத்துமுறையையும் பதிவில் குறிப்பது நல்லது.

திருத்தும்போது நான் ஒரு சோதனை செய்வதுண்டு. தலைப்பை மறைத்துக் குறிப்புரையை மட்டும் படிப்பேன். அது பட்டியலின் மற்றொரு நூலுக்கும் பொருந்துமானால், மாணவர் இன்னும் அந்த நூலைப் படிக்கவில்லை என்று பொருள்.