பதினைந்தாம் தேதிக்குள் முடியுமா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. ஜூலை 8-ஆம் தேதி மாலை. மேலாளர் கணக்குப் பிரிவு ஊழியரை அழைத்து, “சப்ளையர் கணக்கு அறுபதையும் நம்ம லெட்ஜரோட ஒத்துப் பார்த்து 15-க்குள்ள கொடுத்துடும்மா” என்கிறார். கணக்குப் பிரிவுக்கு மாதத்தின் முதல் இருபது நாளும் நெருக்கடியான நாட்கள் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் ஊழியரின் மேசையில் இப்போது எத்தனை மணி நேர வேலை கிடக்கிறது என்பது தெரியாது. அதைத் தெரியப்படுத்துவதுதான் மறுப்பின் முக்கால் பங்கு.

அந்த இடத்திலேயே “சரி சார்” என்றோ “முடியாது சார்” என்றோ சொல்ல வேண்டியதில்லை. “எதுக்காக சார் 15-க்குள்ள வேணும்?” என்று கேட்டுவிட்டு, காலையில் பதில் சொல்வதாகச் சொல்லலாம். இங்கே கிடைத்த பதில், 16-ஆம் தேதி ஆடிட்டர் வருகிறார் என்பது. மாற்று வழிக்கான திறவுகோல் இந்தப் பதிலில்தான் இருக்கிறது. ஆடிட்டர் முதல் நாளே அறுபதையும் புரட்டப் போவதில்லை. பெரிய பாக்கிகளில்தான் தொடங்குவார்.

அடுத்தது மணிக்கணக்கு. 9 முதல் 15 வரை, ஞாயிறு போக ஆறு வேலை நாட்கள். தினமும் எட்டு மணி நேரத்தில் பில் பதிவுக்கும் போனுக்கும் இரண்டு மணி போய்விடும். மிச்சம் 36 மணி நேரம். அதில் 11-ஆம் தேதிக்குள் போட வேண்டிய ஜிஎஸ்டிஆர்-1-க்கு 12 மணி. 15-க்குள் கட்ட வேண்டிய பிஎஃப், இஎஸ்ஐ-க்குச் சம்பளப் பட்டியலோடு சேர்த்து 10 மணி. 14-ஆம் தேதி வரும் 2பி பட்டியலோடு கொள்முதல் பில்களைச் சரிபார்க்க முதல் இரண்டு நாளில் 8 மணி. மொத்தம் 30. கையில் நிற்பது ஆறே மணி நேரம்.

புதிய வேலைக்கு எவ்வளவு ஆகும்? இரண்டு சப்ளையர் கணக்கை உண்மையிலேயே எடுத்துச் செய்து பார்த்தால் தெரிந்துவிடும். ஒன்றுக்கு அரை மணி என்றால் அறுபதுக்கு 30 மணி. பற்றாக்குறை 24 மணி நேரம்.

காலையில் அரைத்தாளில் எழுதிய இந்தக் கணக்கைக் காட்டி இப்படிச் சொல்லலாம்: “சார், அறுபதும் 15-க்குள்ள என்னால முடியாது. எனக்கு மிச்சம் இருக்கிறது ஆறு மணி நேரம்தான். அதுல பாக்கி அதிகமா இருக்கிற பன்னிரண்டு சப்ளையர் கணக்கை முடிச்சுடறேன், ஆடிட்டர் அதை வெச்சு ஆரம்பிக்கட்டும். 20-ஆம் தேதி 3பி போட்டதும் நாலு நாள்ல மீதி நாற்பத்தெட்டையும் முடிச்சு 25-க்குள்ள கொடுத்துடறேன்.”

மறுப்பு முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. கொஞ்சம் சுற்றி வளைத்து “பார்க்கலாம் சார்” என்றிருந்தால் மேலாளர் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டிருப்பார்.

“இல்ல, அறுபதும் வேணும்” என்று அவர் நின்றால், எதைத் தள்ளிவைப்பது என்ற முடிவை அவரிடமே விட வேண்டும். ஆனால் தள்ளினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றைத் தாண்டினால் நம் பில்கள் வாங்கியவரின் அந்த மாத 2பி-யில் ஏறாமல் போகும். அவரால் அந்த மாதம் வரி வரவு எடுக்க முடியாது. நமக்கு வர வேண்டிய பணத்தை நிறுத்திவைப்பார். பிஎஃப் 15-ஐத் தாண்டினால் வட்டி. ஆக, தள்ளக்கூடியது எதுவுமில்லை. வேறு ஆளிடம் கொடுக்கக்கூடியதுதான் உண்டு. பிஎஃப், இஎஸ்ஐ வேலையையும் 2பி சரிபார்ப்பையும் இன்னொருவர் ஏற்றால் 18 மணி கிடைக்கும். அப்போதும் நாற்பத்தெட்டு கணக்குகள்தான் முடியும். அந்த இன்னொருவரின் பெயரைச் சொல்லும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

இந்த முறை கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, மணிகளைக் கூட்டிச் சொல்வது. 12 மணி என்று சொன்ன வேலை எட்டு மணியில் முடிந்தது என்று தெரிந்தால், அடுத்த மாதக் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள். போன மாதம் உண்மையில் எவ்வளவு ஆனதோ அதையே போட வேண்டும். இன்னொன்று, மணி இல்லாமல் வேலைகளை மட்டும் அடுக்குவது. பத்து வேலைகளின் பட்டியலைப் பார்த்து மேலாளர், “எல்லாம் எப்பவும் பண்றதுதானே?” என்பார்; அதற்குப் பதில் இருக்காது.

பேசி முடித்ததும் ஒப்புக்கொண்டதை இரண்டு வரியில் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ போட்டுவிட வேண்டும்: பன்னிரண்டு 15-க்குள், மீதி 25-க்குள். மூன்று மாதம் தொடர்ந்து இதே 24 மணி நேரம் பற்றாக்குறையாக வந்தால், அந்த மூன்று தாள்களையும் சேர்த்துவைத்துப் பேச வேண்டிய பேச்சு வேறு: பிரிவுக்கு இன்னோர் ஆள் வேண்டும்.